கம்ப்யூட்டர் கிளப்ல பேசப்போறீங்களா? பத்து ஷார்ட்கட் எப்படி மாசத்துக்கு மணிக்கணக்குல மிச்சம் பண்ணுதுன்னு கணக்கோட சொல்ல முழுமையான வழிகாட்டி

ஸ்கூல் கம்ப்யூட்டர் கிளப்ல ஷார்ட்கட் கீ பத்தி பேசச் சொன்னா நிறைய பசங்க நெட்ல இருந்து ஐம்பது கீ லிஸ்ட்டை எடுத்து ஸ்லைடுல போட்டு வரிசையா வாசிச்சுட்டு இறங்கிடறாங்க, கேட்டவங்களுக்கு மறுநாள் அதுல ரெண்டு கூட ஞாபகம் இருக்கறதில்ல. லிஸ்ட் வாசிக்கிறது பேச்சு இல்ல. "பத்து போதும், ஏன் பத்து போதும்னு இதோ கணக்கு"ன்னு சொன்னா அது பேச்சு. நாலு நிமிஷத்துல சொல்லி முடிக்கலாம், ஆனா அந்த நாலு நிமிஷத்துக்குப் பின்னாடி கொஞ்சம் வேலை இருக்கு. அந்த வேலையை முதல்ல இருந்து கடைசி வரைக்கும் எப்படி பண்றதுன்னு இங்க எழுதறேன், நடுவுல பேச்சோட முழு டெக்ஸ்ட்டும் இருக்கு. விண்டோஸ் 10 இல்லைன்னா 11 இருக்கிற லேப்னு வெச்சுக்கிட்டு சொல்றேன், வேற சிஸ்டம் பத்தி கடைசில வரும்.

முதல் வேலை: எண்ணிப் பாருங்க

எந்த பத்துன்னு லிஸ்ட்டைப் பார்த்து முடிவு பண்ணாதீங்க. உங்க கிளப் பசங்க நிஜமா என்ன வேலை செய்றாங்களோ அதைப் பார்த்து முடிவு பண்ணணும். கிளப் சார்பா ஒரு பத்திரிகையை டைப் பண்ணி வெளியிடுறாங்கன்னு வைங்க, ஒருத்தர் உட்கார்ந்து அரை மணி நேரம் வழக்கம்போல வேலை செய்யட்டும், நீங்க பக்கத்துல ஒரு பேப்பரை வெச்சுக்கிட்டு அவங்க கை மவுஸுக்குப் போற ஒவ்வொரு தடவையும் ஒரு கோடு போடுங்க. காப்பிக்கு ஒரு வரிசை, பேஸ்ட்டுக்கு ஒண்ணு, விண்டோ மாத்தினதுக்கு ஒண்ணு, தமிழ்ல இருந்து இங்கிலீஷுக்கு மாறினதுக்கு ஒண்ணு, இப்படி. அவங்ககிட்ட எதை எண்றீங்கன்னு முன்னாடியே சொல்லிடாதீங்க, சொன்னா கை மாறிடும்.

ரெண்டு மூணு பேரை இப்படிப் பார்த்தாலே ஒண்ணு புரியும். ஒரு சில வேலைங்கதான் திரும்பத் திரும்ப வருது, மத்ததெல்லாம் எப்பவாவது ஒரு தடவை. பத்திரிகை டைப் பண்ற பசங்களுக்கு பெரும்பாலும் இந்தப் பத்துதான் மேல வந்து நிக்கும்:

காப்பி Ctrl+C, பேஸ்ட் Ctrl+V, செஞ்சதைத் திருப்பறது Ctrl+Z, சேவ் Ctrl+S, தேடறது Ctrl+F, ஒரு விண்டோல இருந்து இன்னொண்ணுக்குப் போறது Alt+Tab, ஒரு முழு வார்த்தையை அழிக்கிறது Ctrl+Backspace, தமிழ் இங்கிலீஷ் மாத்தறது Win+Space, தப்பா மூடின பிரவுசர் டேப்பைத் திரும்பக் கொண்டு வர்றது Ctrl+Shift+T, ஸ்க்ரீன்ல ஒரு பகுதியை மட்டும் வெட்டி எடுக்கிறது Win+Shift+S.

இதுல ரெண்டைக் கொஞ்சம் கிட்ட வந்து பார்க்கணும், ஏன்னா தமிழ்ல டைப் பண்றவங்களுக்கு இங்கிலீஷ்ல டைப் பண்றவங்களை விட அதுல லாபம் அதிகம்.

ஒண்ணு Ctrl+Backspace. "பள்ளிக்கூடம்"னு டைப் பண்ணிட்டு அழிக்கணும்னா கண்ணுக்குத் தெரியறது ஏழு எழுத்து, ஆனா Backspace ஏழு தடவை அழுத்தினா போகாது, பன்னெண்டு தடவை அழுத்தணும். யூனிகோட்ல புள்ளி தனி, கொம்பு கால் தனி, அதுக்கு அடியில இருக்கிற மெய்யோட உரு தனி. பெரும்பாலான ப்ரோக்ராம்ல Backspace அழுத்தினா முதல்ல புள்ளி போகும், அப்புறம்தான் எழுத்து போகும். ப ஒண்ணு, ள் ரெண்டு, ளி ரெண்டு, க் ரெண்டு, கூ ரெண்டு, ட ஒண்ணு, ம் ரெண்டு, கூட்டினா பன்னெண்டு. Ctrl+Backspace அழுத்தினா ஒரே தட்டுல மொத்த வார்த்தையும் போயிடும். இதை மேடையில செஞ்சு காட்டினா கீழ இருக்கிறவங்களும் கூடவே சேர்ந்து எண்ணுவாங்க, அதனால இதை பேச்சுலயே வெச்சிருக்கேன். ஒரு எச்சரிக்கை, ரொம்ப பழைய விண்டோஸ்ல இருக்கிற நோட்பேட்ல இந்தக் கீ வேலை செய்யாது, வார்த்தை அழியறதுக்குப் பதிலா ஒரு சின்ன கட்டம் வந்து நிக்கும். வேர்டுலயோ பிரவுசர்லயோ காட்டுங்க.

இன்னொண்ணு Win+Space. கீபோர்டு லிஸ்ட்ல தமிழ், இங்கிலீஷ்னு ரெண்டு மட்டும் இருந்தா ஒரு தட்டு போதும். ஆனா லேப் மெஷின்ல யாராவது இங்கிலீஷ் இந்தியா, இங்கிலீஷ் யுஎஸ், தமிழ்99, தமிழ் ஃபோனடிக்னு நாலைஞ்சு சேர்த்து வெச்சிருப்பாங்க, அப்போ ஒவ்வொரு தடவையும் எங்க வந்து நிக்கும்னு பார்த்துப் பார்த்து தட்ட வேண்டியதாகிடும், லாபம் பூரா அங்கயே போயிடும். செட்டிங்ஸ்ல போய் லாங்குவேஜ் பகுதியில தேவையில்லாத கீபோர்டை எடுத்துட்டு ரெண்டை மட்டும் வையுங்க. லேப் சார்கிட்ட கேட்டுட்டு செய்யுங்க, பொது மெஷின் இல்லையா.

ரெண்டாவது வேலை: ஒவ்வொண்ணுலயும் எத்தனை செகண்ட் மிச்சம்

"நேரம் மிச்சமாகும்"னு சும்மா சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க, நம்பவும் கூடாது. இதை அளக்கறதுக்கு ஒரு பழைய, நல்ல முறை இருக்கு. ஸ்டூவர்ட் கார்ட், தாமஸ் மோரன், ஆலன் நியூவெல்னு மூணு பேர் 1980-ல ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டாங்க. கம்ப்யூட்டர்ல செய்ற எந்த வேலையையும் சின்னச் சின்ன அசைவா உடைச்சு, ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு நேரம் வெச்சு, கூட்டிப் பார்க்கலாம்ங்கறதுதான் அதுல இருக்கிற விஷயம். அதுல நமக்கு நாலு எண் போதும்:

சுமாரா டைப் பண்றவருக்கு ஒரு கீ தட்ட 0.28 செகண்ட். மவுஸை நகர்த்தி ஒரு இடத்தைக் குறி வைக்க 1.1 செகண்ட். கீபோர்டுல இருந்து மவுஸுக்கோ, மவுஸ்ல இருந்து கீபோர்டுக்கோ கையை மாத்த 0.4 செகண்ட். "அடுத்து என்ன"ன்னு மனசுல யோசிக்க 1.35 செகண்ட். மவுஸ் கிளிக்குக்கு 0.2-ன்னு வெச்சுக்கலாம்.

இப்போ அன்டூவை எடுத்துக்குவோம். மவுஸ்ல செய்யணும்னா கை மவுஸுக்குப் போகணும் 0.4, மேல இருக்கிற அன்டூ பட்டனைக் குறி வைக்கணும் 1.1, கிளிக் 0.2, திரும்ப கீபோர்டுக்கு வரணும் 0.4. மொத்தம் 2.1 செகண்ட். Ctrl+Z ரெண்டு கீ, 0.56 செகண்ட். மிச்சம் ஒன்றரை செகண்ட். சேவ் பட்டனுக்கும் இதே கணக்குதான், டாஸ்க்பார்ல ஒரே கிளிக்ல விண்டோ மாத்தறதுக்கும் இதே கணக்குதான். காப்பி பேஸ்ட்டுக்கு ரைட் கிளிக் பண்ணி மெனுல தேடி எடுக்கிறோம் இல்லையா, அதுல ஒரு கிளிக் கூட வருது, அதனால 2.3 செகண்ட், மிச்சம் சுமார் 1.7. மொழி மாத்தறதுக்கு டாஸ்க்பார் ஓரத்துல இருக்கிற ஐகானைக் கிளிக் பண்ணி, வர்ற லிஸ்ட்ல இன்னொரு தடவை குறி வெச்சு கிளிக் பண்ணணும், ஆக 3.4 செகண்ட், Win+Space-ல 0.56, மிச்சம் 2.8.

மீதி நாலும் வேற மாதிரி. பன்னெண்டு பக்க ஃபைல்ல ஒரு பேரைக் கண்ணாலேயே தேடறதுக்கும் Ctrl+F-க்கும் இருக்கிற வித்தியாசத்தை இந்த அசைவுக் கணக்குல கொண்டு வர முடியாது, ஸ்டாப்வாட்ச் வெச்சு நீங்களே அளந்துக்கணும். நான் இங்க தேடறதுக்கு 20 செகண்ட், மூடின டேப்பை மறுபடி தேடிப் பிடிக்க 15, ஸ்க்ரீன்ஷாட் எடுத்து பெயின்ட்ல போட்டு வெட்டறதுக்குப் பதிலா நேரா வெட்டி எடுத்தா 10, ஒரு வார்த்தை அழிக்க 2 செகண்ட்னு வெச்சிருக்கேன். Backspace-ஐ அழுத்திப் பிடிச்சுக்கிட்டே அழிக்கிற பசங்களும் உண்டு, அதனாலதான் 2-ன்னு குறைச்சு வெச்சேன்.

சரி, இப்போ கூட்டுவோம். தினமும் ஒண்ணு ஒன்றரை மணி நேரம் பத்திரிகை வேலை, ப்ராஜெக்ட் வேலைன்னு கம்ப்யூட்டர்ல உட்கார்ற ஒரு பதினொன்றாம் வகுப்பு மாணவின்னு வைங்க. ஒரு நாளைக்கு காப்பியும் பேஸ்ட்டும் சேர்த்து 40 தடவை, 68 செகண்ட். அன்டூ 20 தடவை, 30 செகண்ட். சேவ் 10 தடவை, 15. விண்டோ மாத்தறது 40 தடவை, 60. வார்த்தை அழிக்கிறது 20 தடவை, 40. மொழி மாத்தறது 20 தடவை, 56. தேடறது 4 தடவை, 80. மூடின டேப் ஒண்ணு, 15. ஸ்க்ரீன் வெட்டறது ரெண்டு, 20. மொத்தம் 384 செகண்ட், அதாவது ஆறரை நிமிஷத்துக்குக் கொஞ்சம் கம்மி. மாசத்துல 25 நாள்னா 9600 செகண்ட். 160 நிமிஷம். 2 மணி 40 நிமிஷம்.

இந்த எண்களை அப்படியே தூக்கிட்டுப் போய் மேடையில சொல்லாதீங்க. தடவை எண்ணிக்கை உங்க பேப்பர்ல போட்ட கோட்டுல இருந்து வரணும், செகண்ட் கணக்கு மட்டும் இங்க இருந்து எடுத்துக்கோங்க. இன்னொரு விஷயம் ரொம்ப முக்கியம்: வாரத்துக்கு ஒரே ஒரு லேப் பீரியட் மட்டும் கம்ப்யூட்டரைத் தொடற பையனுக்கு மாசத்துக்கு மணிக்கணக்குல மிச்சம் ஆகவே ஆகாது, இருபது முப்பது நிமிஷம் மிச்சமானா அதுவே அதிகம். பேச்சுல இதை மறைக்காம சொல்லுங்க, ஒரு வாக்கியம் போதும்.

ஏன் பத்து, ஏன் ஐம்பது இல்ல

பேச்சோட உயிர் இங்கதான் இருக்கு. மேல சொன்ன நாலு எண்ல நாம இன்னும் தொடாத ஒண்ணு இருக்கு, யோசிக்கிற நேரம், 1.35 செகண்ட். Ctrl+Z கையில ஊறிப்போனவளுக்கு 0.56 செகண்ட். "அன்டூவுக்கு எது, Y-யா Z-ஆ"ன்னு ஒரு தடவை நின்னு யோசிக்கிறவனுக்கு 0.56 கூட 1.35, அதாவது 1.91 செகண்ட். மவுஸ்ல 2.1. ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். அரைகுறையா ஞாபகம் இருக்கிற ஷார்ட்கட்டால ஒரு லாபமும் இல்ல, குனிஞ்சு கீபோர்டைத் தேட ஆரம்பிச்சா நஷ்டம் கூட வரும்.

இதை வெச்சே ஒரு பெரிய விவாதம் நடந்திருக்கு. ஆப்பிள்ல வேலை பார்த்த புரூஸ் டோக்னாசினி 1989-ல எழுதினார், சோதனைல கலந்துக்கிட்டவங்க கீபோர்டுதான் வேகம்னு நினைச்சாங்க, ஆனா ஸ்டாப்வாட்ச் மவுஸ்தான் வேகம்னு காட்டுச்சுன்னு. கீயை ஞாபகப்படுத்திக்கிறதுக்குப் போற நேரம் நம்ம கவனத்துக்கே வர்றதில்லங்கறதுதான் அவர் சொன்ன காரணம். அவர் சொன்னதை எல்லாரும் ஒத்துக்கல, ஆனா பசங்க யாராவது இதை எங்கயாவது படிச்சுட்டு வந்து கேட்டா உங்ககிட்ட பதில் இருக்கணும். பதில் இதுதான்: யோசிச்சு அழுத்தற கீக்கு அவர் சொல்றது சரியா வரும், யோசிக்காமலே விரல் போற கீக்கு வராது. விரல் தானா போகணும்னா அந்தக் கீயை தினமும் பல தடவை அழுத்தணும். ஒரு நாளைக்கு நாற்பது தடவை வர்ற Alt+Tab சீக்கிரமே கையில ஊறிடும். மாசத்துக்கு ரெண்டு தடவை வர்ற ஒரு கீ வருஷம் முழுக்க யோசிச்சுத்தான் வரும்.

லிஸ்ட்ல பத்துக்குக் கீழ போகப்போக என்ன ஆகுதுன்னும் பாருங்க. வாரத்துக்கு ஒரு தடவை வர்ற வேலைக்கு ஒரு ஷார்ட்கட் கத்துக்கிட்டு தடவைக்கு ரெண்டு செகண்ட் மிச்சம் பண்ணினா மாசத்துக்கு எட்டு செகண்ட். இப்படி நாற்பது கீ கத்துக்கிட்டாலும் அஞ்சரை நிமிஷம் கூட வராது, அதுவும் ஒண்ணைக் கூட யோசிக்காம அழுத்தினாத்தான். முதல் பத்துலயே மூட்டை மொத்தமும் இருக்கு.

அதுக்காக பத்துங்கறது மந்திர எண்ணும் இல்ல. உங்க பேப்பர்ல எட்டோட கோடு நின்னா எட்டு சொல்லுங்க, பன்னெண்டு வந்தா பன்னெண்டு சொல்லுங்க.

மூணாவது வேலை: பேச்சு

ஒரு மாணவி பேசற மாதிரி எழுதியிருக்கேன், அவ்வளவு நீளமும் இல்ல. நடுவுல செஞ்சு காட்டற இடத்தை அடைப்புக்குறிக்குள்ள போட்டிருக்கேன். உங்க எண்ணைப் போட்டு, உங்க வாய்க்கு வர்ற மாதிரி மாத்திக்கோங்க.

"எல்லாருக்கும் வணக்கம். இதை டைப் பண்ணி வெச்சிருக்கேன், பாருங்க, 'பள்ளிக்கூடம்'. எத்தனை எழுத்து? ஏழு. இப்போ அழிக்கிறேன், நீங்க எண்ணுங்க. (Backspace-ஐ மெதுவா, சத்தம் கேக்கற மாதிரி தட்டணும்.) பன்னெண்டு! ஏழு எழுத்துக்குப் பன்னெண்டு தட்டு, ஏன்னா புள்ளி ஒரு தட்டு, எழுத்து ஒரு தட்டு. இப்போ மறுபடி அதே வார்த்தை. (Ctrl+Backspace.) ஒரே தட்டு.

நம்ம கிளப்ல மூணு பேர் பத்திரிகை டைப் பண்றப்போ நான் பக்கத்துல உட்கார்ந்து எண்ணினேன். அவங்க கை எதுக்கெல்லாம் மவுஸுக்குப் போச்சுன்னு. நிறைய விதமான வேலை இருக்கும்னு நினைச்சேன். இல்ல. பத்தே பத்து வேலைதான் திரும்பத் திரும்ப. காப்பி, பேஸ்ட், திருப்பறது, சேவ், தேடறது, விண்டோ மாத்தறது, வார்த்தை அழிக்கிறது, மொழி மாத்தறது, மூடின டேப்பைத் திறக்கிறது, ஸ்க்ரீனை வெட்டறது.

ஒரு தடவை அன்டூ பண்ண மவுஸ்ல ரெண்டு செகண்டுக்கு மேல. Ctrl+Z-ல அரை செகண்ட். ஒன்றரை செகண்ட் என்ன பெரிய விஷயம்னு தோணும். ஒரு தடவைக்குப் பெரிய விஷயம் இல்லதான். ஆனா நான் எண்ணினதை வெச்சு பத்தையும் கூட்டினா ஒரு நாளைக்கு ஆறு நிமிஷம். தினமும் வேலை செய்றவங்களுக்கு மாசத்துக்கு ரெண்டரை மணி நேரத்துக்கு மேல. லேப் பீரியட்ல மட்டும் கம்ப்யூட்டர் தொடறவங்களுக்கு இவ்வளவு வராது, அதையும் சொல்லிடறேன்.

அப்போ நூறு ஷார்ட்கட் கத்துக்கிட்டா இருபத்தஞ்சு மணி நேரமா? கிடையாது. ஒரு கீயை யோசிச்சு அழுத்தினா, யோசிக்கிற நேரமே ஒன்றே கால் செகண்டுக்கு மேல. மிச்சமான ஒன்றரை செகண்ட் அங்கயே போச்சு. யோசிக்காம அழுத்தற கீதான் மிச்சம் பண்ணும். தினமும் அழுத்தற கீதான் யோசிக்காம வரும். அதனாலதான் பத்து.

கட், காப்பி, பேஸ்ட்டை உருவாக்கினவங்கள்ல ஒருத்தர் லாரி டெஸ்லர். 1970-கள்ல ஜெராக்ஸ் கம்பெனியோட ஆராய்ச்சிக் கூடத்துல டிம் மாட் கூட சேர்ந்து செஞ்சார். உங்க கீபோர்டோட கீழ் வரிசையைப் பாருங்க, Z, X, C, V, நாலும் பக்கத்துப் பக்கத்துல. இடது கை ஒரே இடத்துல இருக்கும், வலது கை மவுஸ்லயே இருக்கலாம். வசதிக்காகவே அப்படி வெச்சது.

நீங்க எல்லாரும் இன்னிக்கே பத்தும் கத்துக்க வேண்டாம். இந்த வாரம் ரெண்டு. Alt+Tab, Win+Space. (ரெண்டையும் காட்டணும்.) மானிட்டர் ஓரத்துல இந்த ரெண்டு மட்டும் எழுதின ஒரு சின்ன பேப்பரை ஒட்டுங்க. பேப்பரைப் பார்க்கிறதை நீங்களே மறந்ததும் அதைக் கிழிச்சுட்டு அடுத்த ரெண்டை எழுதுங்க. நன்றி."

சத்தம் போட்டு, கடிகாரம் வெச்சு, செஞ்சு காட்டறதோட சேர்த்து ரெண்டு தடவை சொல்லிப் பாருங்க. நாலரை நிமிஷத்தைத் தாண்டினா டெஸ்லர் பகுதியை எடுத்துடுங்க, கணக்கு பகுதியை எடுக்காதீங்க. பத்துக் கீயையும் பேச்சுல ஒவ்வொண்ணா விளக்க வேணாம்னுதான் ரெண்டை மட்டும் காட்ட வெச்சிருக்கேன். மீதியை ஒரு கால் பக்க நோட்டீஸா அச்சடிச்சு கையில கொடுங்க.

நாலாவது வேலை: மேடையில சொதப்பாம இருக்க

பேச்சுக்கு முன்னாடி அதே மெஷின்ல, அதே கீபோர்டுல, ப்ரொஜெக்டரை மாட்டி ஒரு தடவை ஓட்டிப் பாருங்க. வீட்டு லேப்டாப்ல பழகிட்டு லேப் கீபோர்டுல செஞ்சா Ctrl கீயும் Fn கீயும் இடம் மாறி இருக்கும், சில லேப்டாப்ல ஓரத்துல Fn இருக்கும், சிலதுல Ctrl இருக்கும், மேடைப் பதட்டத்துல விரல் தப்பான இடத்துக்குப் போகும்.

Alt+Tab காட்டறதுக்கு முன்னாடி ரெண்டே ரெண்டு விண்டோ மட்டும் திறந்து வெச்சுக்கோங்க. ஒரு தட்டு தட்டி விட்டா கடைசியா இருந்த விண்டோவுக்குப் போகும், மறுபடி தட்டினா பழைய இடத்துக்கே வரும், இந்தப் போக்குவரத்துதான் கண்ணுல படணும். ஏழெட்டு விண்டோ திறந்திருந்தா பசங்க Alt-ஐப் பிடிச்சுக்கிட்டு Tab-ஐ பல தடவை தட்டுவாங்க, குறி தப்பும், "மவுஸே மேல்"னு யாராவது சொல்லிடுவாங்க. அவங்க சொல்றதும் நியாயம்தான், ஏழெட்டு விண்டோவுக்கு நடுவுல ஒண்ணைத் தேடறப்போ இந்தக் கீயோட லாபம் கம்மியாகிடும்.

Win+Shift+S காட்டினா ஸ்க்ரீன் மங்கும், பகுதியை இழுத்ததும் சில மெஷின்ல ஓரத்துல ஒரு சின்ன அறிவிப்பு வந்து போகும், அவ்வளவுதான், எதுவும் நடக்காத மாதிரி இருக்கும். படம் கிளிப்போர்டுல இருக்கு. உடனே வேர்டுக்குப் போய் Ctrl+V போட்டாத்தான் பார்க்கிறவங்களுக்குப் புரியும்.

Ctrl+F-ஐ தமிழ் பிடிஎஃப்ல காட்டப் போறீங்கன்னா ரொம்ப கவனம். பழைய எழுத்துருவுல செஞ்ச நிறைய தமிழ் பிடிஎஃப்ல கண்ணுக்குத் தமிழ் தெரியும், உள்ள இருக்கிறது யூனிகோட் இல்ல, அதனால நீங்க "நீர்"னு தேடினா பக்கத்துக்குப் பக்கம் நீர் இருந்தும் ஒண்ணும் இல்லைன்னு வரும். கண்டுபிடிக்கிறது சுலபம்: அந்த பிடிஎஃப்ல இருந்து ஒரு வார்த்தையைக் காப்பி பண்ணி நோட்பேட்ல ஒட்டுங்க, தமிழாவே வந்தா தேடலாம், இங்கிலீஷ் எழுத்தும் குறியும் கலந்து கந்தலா வந்தா தேட முடியாது. இதையே பசங்களுக்கும் சொல்லிக் கொடுங்க, ப்ராஜெக்ட் சமயத்துல "புக்ல அது இல்ல சார்"னு வந்து நிக்கிறவங்கள்ல பாதிப் பேருக்கு இதுதான் காரணம்.

போட்டி வெச்சுக் காட்டணும்னு ஆசை இருந்தா நேர்மையா வையுங்க. ஷார்ட்கட் நல்லா தெரிஞ்ச ஒருத்தரையும் மவுஸே புதுசா இருக்கிற ஒருத்தரையும் மோத விட்டா அது எதையும் நிரூபிக்காது. ஒரே ஆள், ஒரே வேலை, முதல்ல மவுஸ்ல, அப்புறம் கீபோர்டுல, மறுபடி மவுஸ்ல, மறுபடி கீபோர்டுல. ரெண்டாவது தடவை வேலையே பழகிப்போய் வேகமாகும், அதனாலதான் மாத்தி மாத்தி ரெண்டு சுத்து. வேலை சின்னதா இருக்கட்டும்: ஒரு விண்டோல இருக்கிற அஞ்சு பேரை ஒவ்வொண்ணா காப்பி பண்ணி இன்னொரு விண்டோல ஒட்டணும். அஞ்சு பேர்னா அஞ்சு காப்பி, அஞ்சு பேஸ்ட், ஒன்பது தடவை விண்டோ மாத்தறது. மவுஸ் சுத்துல கை மவுஸ்லயே இருக்கும், அதனால கை மாத்தற 0.8 செகண்டைக் கழிச்சுட்டா கணக்குப்படி காப்பி பேஸ்ட்டுக்கு 10 × 0.94, விண்டோ மாத்தறதுக்கு 9 × 0.74, மொத்தம் சுமார் 16 செகண்ட் வித்தியாசம் வரணும். நிஜத்துல கொஞ்சம் கூடும் குறையும், பேரை செலக்ட் பண்ண ரெண்டு சுத்துலயும் மவுஸ் தேவைப்படும் இல்லையா, அதனால கையை மாத்தற நேரம் கீபோர்டு சுத்துலயும் கொஞ்சம் உள்ள வந்துடும். பாதிக்கும் கீழ வந்தா அந்த ஆளுக்கு Alt+Tab இன்னும் கையில ஊறலைன்னு அர்த்தம், அதையும் மேடையிலயே சொல்லலாம், பேச்சோட விஷயமே அதுதானே.

அஞ்சாவது: கேள்வி வந்தா

"லேப்ல உபுண்டு இருக்கே?"ன்னு கேப்பாங்க. Ctrl வர்ற கீ பெரும்பாலும் அங்கயும் அப்படியே வேலை செய்யும், Alt+Tab-உம் இருக்கும். டெர்மினல்ல மட்டும் Ctrl+C காப்பி பண்ணாது, ஓடிக்கிட்டிருக்கிற ப்ரோக்ராமை நிறுத்திடும், அங்க காப்பிக்கு Ctrl+Shift+C. Win+Shift+S கிடையாது, Print Screen கீயை அழுத்தினா உபுண்டுவோட புது வெர்ஷன்ல பகுதி எடுக்கிற வசதி வரும். மேக் வெச்சிருக்கிறவங்களுக்கு Ctrl இருக்கிற பெரும்பாலான இடத்துல Command, வார்த்தை அழிக்க Option கூட Delete.

"காப்பி பண்ணா நெட்ல இருக்கிற கலர், சைஸ் எல்லாம் சேர்ந்து வருதே, அதைச் சரி பண்ணவே நேரம் போகுதே?" நல்ல கேள்வி, பத்திரிகை வேலையில இது பெரிய தலைவலி. கூகுள் டாக்ஸ்ல Ctrl+Shift+V போட்டா எழுத்து மட்டும் வரும். புது வேர்டுலயும் அப்படியே. பழைய வேர்டுல அதே கீ வேற வேலை செய்யும், லிப்ரே ஆபீஸ்ல ஒரு பெட்டி திறந்து எப்படி ஒட்டணும்னு கேக்கும், அதனாலதான் இதை எல்லாருக்குமான பத்துல சேர்க்கல. உங்க கிளப்ல எல்லாரும் கூகுள் டாக்ஸ்னா Ctrl+S-ஐ எடுத்துட்டு இதைச் சேர்த்துடுங்க, அங்க நெட் இருக்கிற வரைக்கும் சேவ் தானா நடக்குது. வேர்டுல கம்ப்யூட்டர்லயே ஃபைலை வெச்சிருக்கிறவங்க Ctrl+S-ஐ எடுக்கக் கூடாது, அதுல மிச்சமாகற செகண்ட் கம்மிதான், ஆனா கரண்ட் போனா ஒரு பக்கம் மறுபடி டைப் பண்றதுல இருந்து தப்பிக்கிறது அதாலதான்.

"Win+V ஏன் இல்ல?" முன்னாடி காப்பி பண்ணினதையெல்லாம் லிஸ்ட்டா காட்டற கீ அது, ரொம்ப நல்ல கீ, முதல் தடவை அழுத்தறப்போ ஆன் பண்ணணும், அப்புறம் கடைசி 25 வரைக்கும் வெச்சுக்கும். ஆனா பொது லேப்ல ஒரே லாகின்ல பல பேர் உட்கார்ற இடத்துல ஒருத்தர் காப்பி பண்ணின பாஸ்வேர்டு அடுத்தவருக்கு லிஸ்ட்ல தெரியும். வீட்டுல சொந்த மெஷின்ல ஆன் பண்ணிக்கோங்க, லேப்ல வேணாம்னு சொல்லிடுங்க.

"டைப்பிங்கே மெதுவா வர்றவங்களுக்கு?" அதே 1980 கட்டுரையில கீபோர்டே பழகாதவங்களுக்கு ஒரு கீக்கு 1.2 செகண்ட் கொடுத்திருக்கு, அவங்களுக்கு Ctrl+Z-ல மிச்சம் வராது. கீபோர்டு பழகி வேகம் மட்டும் கம்மியா இருக்கிறவங்களுக்கு ஒரு கீக்கு அரை செகண்ட்னு வெச்சுக்கலாம். அப்படிப் பார்த்தா Ctrl+Z ஒரு செகண்ட், மவுஸ் 2.1, இன்னும் ஒரு செகண்டுக்கு மேல மிச்சம். மொத்தக் கணக்கு குறையும், காணாம போகாது. அவங்ககிட்ட ரெண்டு ரெண்டா கூட வேணாம், Win+Space ஒண்ணை மட்டும் கொடுத்து அது கையில வந்ததுக்கு அப்புறம் அடுத்ததுக்குப் போகச் சொல்லுங்க. ஒரு மாசம் கழிச்சு அதே மூணு பேர் பக்கத்துல அதே பேப்பரோட மறுபடி அரை மணி நேரம் உட்கார்ந்து கோடு போட்டுப் பாருங்க, எந்த வரிசையில கோடு குறையலையோ அந்தக் கீயை அடுத்த கூட்டத்துல திரும்ப எடுங்க.